ஐம்பது மீட்டர், நடுவில் ஆள் இல்லாவிட்டால்

எங்கள் ஸ்டுடியோ மலைமேல், செம்மேடு பஸ் ஸ்டாண்டுக்குப் பக்கத்தில் இருக்கிறது. ஸ்டுடியோ என்றதும் பெரிதாக எதையும் நினைத்துக்கொள்ள வேண்டாம். முன்பக்கம் ஒரு ஜெராக்ஸ் மெஷின், உள்ளே சுவரில் ஒரு நீலத்துணி, அதற்கு முன்னால் ஒரு ஸ்டூல். தாலுகா ஆபீசுக்கு வருகிறவர்கள் அந்த ஸ்டூலில் உட்கார்ந்து, பிறந்ததிலிருந்து சிரித்ததே இல்லை என்பதுபோல ஒரு முகத்தை வைத்துக்கொண்டு பாஸ்போர்ட் சைஸ் போட்டோ எடுத்துப் போவார்கள். முகூர்த்த மாதங்களில் கல்யாண வீடியோ. அதில் கேமரா என் வீட்டுக்காரர் பொறுப்பு. புரொஜெக்டரும் திரையும் என் பொறுப்பு. அதாவது பெயர் அவருக்கு, தூக்குச் சுமை எனக்கு.

கல்யாணத்துக்கு எதற்குப் புரொஜெக்டர் என்று கேட்பவர்கள் சமீபத்தில் எந்தக் கல்யாணத்துக்கும் போகாதவர்கள். இப்போதெல்லாம் மணமேடையில் நடப்பதை மண்டபத்தில் உட்கார்ந்திருக்கும் யாராலும் பார்க்க முடியாது. முன்னால் போட்டோக்காரர், வீடியோக்காரர், விளக்குப் பிடிப்பவர் என்று ஒரு கூட்டம் முதுகைக் காட்டிக்கொண்டு நிற்கிறது. அந்தக் கூட்டம் வேறு யாருமில்லை, நாங்கள்தான். நாங்களே மறைத்துவிட்டு, மறைத்ததைத் திரையில் போட்டுக் காட்டுகிறோம். நல்ல தொழில்.

கேமராவிலிருந்து புரொஜெக்டருக்குப் படம் போக முன்பெல்லாம் ஒரு நீளமான எச்டிஎம்ஐ கேபிள் வைத்திருந்தோம். மேடையிலிருந்து சுவரோரமாக இழுத்து, டேப் ஒட்டி, வாசல் வருகிற இடத்தில் பாயைப் போட்டு மூடி வைப்போம். அந்தப் பாய்மேல் கால் வைக்காமல் தாண்டிப் போகிறேன் பேர்வழி என்று தடுக்கி விழுந்தவர்கள் உண்டு. கேபிள் கொஞ்சம் அதிகமாக மடங்கினால் திரையில் வெள்ளைப் புள்ளிகள் மினுங்கும். சாம்பார் வாளியோடு போனவர் ஒருவர் அதில் சிக்கி, வாளியையும் விட்டு, கேபிளையும் பிடுங்கிக்கொண்டு போன அன்று என் வீட்டுக்காரர் ஒரு முடிவுக்கு வந்தார். சாம்பாரைத் துடைத்தது நான், முடிவெடுத்தது அவர்.

"இனிமே வயரே இல்லை புள்ள," என்றார். "காத்துலயே படம் போவும்."

கொண்டை ஊசி வளைவுகளையெல்லாம் ஏறி ஒரு பார்சல் வந்தது. உள்ளே இரண்டு கறுப்புப் பெட்டிகள், ஒவ்வொன்றும் ஒரு சோப்புக்கட்டி அளவு. ஒன்று அனுப்புவது, இன்னொன்று வாங்குவது. அனுப்புகிற பெட்டியைக் கேமராவில் செருகி, ஒரு பவர் பேங்க்கிலிருந்து அதற்குக் கரண்ட் கொடுக்க வேண்டும். வாங்குகிற பெட்டியைப் புரொஜெக்டரின் முதுகில் செருகி, செல்போன் சார்ஜரில் மாட்ட வேண்டும். அவ்வளவுதான். இரண்டும் ஒன்றையொன்று தேடிக் கண்டுபிடித்துக்கொள்ளும். பக்கத்து மளிகைக் கடைக்காரர் வந்து பார்த்துவிட்டு, "டவர் இல்லாத ஊருல இது எப்படிங்க வேலை செய்யும்?" என்று கேட்டார். டவரும் வேண்டாம், நெட்டும் வேண்டாம், இவை இரண்டும் தங்களுக்குள்ளேயே பேசிக்கொள்ளும் என்று என் வீட்டுக்காரர் ஒரு மணி நேரம் விளக்கினார். கடைக்காரர் தலையை ஆட்டிவிட்டு, "அப்ப சிம் எங்க போடுவீங்க?" என்றார்.

அட்டைப்பெட்டியின் மேல் கொட்டை எழுத்தில் ஐம்பது மீட்டர் என்று போட்டிருந்தது. கொட்டை எழுத்தில் போட்டிருப்பதை என் வீட்டுக்காரர் உடனே நம்பிவிடுவார். பொடி எழுத்தில் போட்டிருப்பதை நான் படிப்பேன். எங்கள் குடும்பம் ஓடுவதே இந்த ஏற்பாட்டில்தான். கடை லென்ஸை எடுத்து வைத்துப் படித்தேன். திறந்தவெளியில், இடையில் தடை ஏதும் இல்லாதபோது, என்று கீழே எழுதியிருந்தது.

"தடைன்னா என்னங்க?" என்றேன்.

"சுவரு, மரம், மட்டை. மண்டபத்துல ஏது மரம்?"

வீட்டிலேயே சோதனை நடந்தது. கேமரா முன்னறையில், புரொஜெக்டர் அதே அறையின் இன்னொரு மூலையில். படம் கண்ணாடி மாதிரி வந்தது. புரொஜெக்டரை அடுப்படிக்குக் கொண்டுபோனதும், நடுவில் ஒரே ஒரு கல் சுவர்தான், படம் கட்டம் கட்டமாக உடைந்தது. பீரோவுக்குப் பின்னால் வைத்ததும் படுத்தேவிட்டது. இரும்பு பீரோவைத் தாண்டி எந்த அலையும் வராது என்று அவர் எனக்கு வகுப்பெடுத்தார். ஐம்பது மீட்டர் போகிற பெட்டி எங்கள் வீட்டு பீரோவிடம் தோற்றுப் போனதை நான் சொல்லிக் காட்டவில்லை. அன்று முழுக்கச் சொல்லவில்லை. மறுநாள்தான் சொன்னேன்.

இன்னொன்றும் தெரிந்தது. கேமராவுக்கு முன்னால் நின்று அவர் கையைத் தட்டினார். தட்டிய சத்தம் கேட்ட பிறகுதான் திரையில் கை சேர்ந்தது. கண் இமைக்கிற நேரம்தான், ஆனால் தெரிகிறது. இந்தப் பெட்டி படத்தைச் சுருக்கி அனுப்ப வேண்டும், அந்தப் பெட்டி வாங்கி விரிக்க வேண்டும், அதற்கெல்லாம் அவகாசம் வேண்டாமா என்று பெட்டியின் வக்கீலாக வாதாடினார். நான் கையைத் தூக்கிப் பார்த்தேன். திரையிலிருந்த நான் யோசித்துவிட்டுத் தூக்கினேன். என்னைவிட நிதானமான ஒருத்தி எங்கள் வீட்டிலேயே இருக்கிறாள் என்று அன்றைக்குத்தான் அவருக்குத் தெரிந்தது.

அந்த வாரம்தான் ஒரு கல்யாணப் பெண் கடைக்கு வந்தாள். இதே மலையில் எடப்புளி நாட்டில் ஒரு சிற்றூர். அப்பா இல்லை, போய்ப் பல வருஷமாகிறது. அம்மா ஒருத்தியே மிளகும் மரவள்ளியும் பார்த்து இவளைப் படிக்க வைத்திருக்கிறாள். எங்கள் மலைமேல் புருஷன் போன பெண்களைக் கல்யாண காரியங்களில் ரொம்பவெல்லாம் ஒதுக்கி வைப்பதில்லை. மாப்பிள்ளை வீட்டாரும் மலைக்காரர்கள்தான், ஆனால் கீழே புளியஞ்சோலைப் பக்கம் இறங்கி இரண்டு தலைமுறையாகிறது. கீழே இறங்கியதும் வீட்டுக்கு டைல்ஸ் போட்டார்கள், கூடவே இதையும் கற்றுக்கொண்டார்கள். தாலி கட்டுகிற நேரத்தில் பெண்ணின் அம்மா மேடைப் பக்கம் வரக்கூடாது, பந்திக் கூடத்து வாசலோரம் இருந்துகொள்ளட்டும் என்று மாப்பிள்ளையின் பெரியம்மா சொல்லி அனுப்பியிருக்கிறார். மாப்பிள்ளை நல்ல பையன், பெரியவர்கள் பேச்சில் வாய் திறக்காதவன். அம்மாவே சரியென்று சொல்லிவிட்டாளாம்.

"ஆல்பம் கூட வேண்டாம்க்கா," என்றாள் அந்தப் பெண். "எங்கம்மா உட்கார்ற எடத்துல திரை கட்டிக் குடுங்க. நான் தாலி வாங்கறத அவ பார்க்கோணும். அது ஒண்ணு போதும்."

எனக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்தது. பெற்றவள் பார்ப்பதற்கு ஒரு பெட்டி, ஒரு பவர் பேங்க், ஒரு புரொஜெக்டர், நாங்கள் இரண்டு பேர். நடந்து வந்தால் இருபது எட்டு. ஆனால் கல்யாண வீட்டில் வீடியோக்காரி வாயைத் திறந்தால் அடுத்த கல்யாணம் வேறு ஸ்டுடியோவுக்குப் போய்விடும். வாயை மூடிக்கொண்டேன். அது எனக்கு எவ்வளவு கஷ்டம் என்று என்னைத் தெரிந்தவர்களுக்குத் தெரியும்.

என் வீட்டுக்காரர்தான் குதித்தார். "கவலையே படாத கண்ணு. புது மெஷின் வந்திருக்குது. ஐம்பது மீட்டர். மண்டபம் அதுல பாதி கூட இல்லை."

கல்யாணத்துக்கு முந்தின நாள் சாயங்காலம் மண்டபத்துக்குப் போய்ச் சோதித்தோம். நீண்ட மண்டபம். ஒரு கோடியில் ஆளின் இடுப்புயர மேடை. மறுகோடியில் பந்திக் கூடத்துக்குப் போகிற வாசல். அந்த வாசலோரத்து ஜன்னல் கம்பியில் திரையை உயரமாகக் கட்டினேன், மேடையிலிருந்தும் தெரிகிற மாதிரி. கீழே ஒரு டேபிள்மேல் புரொஜெக்டர். நாற்காலிகள் இன்னும் போடவில்லை. மண்டபத்தில் நாங்கள் இருவரும் ஒரு பூனையும்தான். அவர் மேடையில் நின்று பூனையைப் படமெடுத்தார். திரையில் அதன் மீசை மயிர்கூடத் தெரிந்தது.

"எப்படி?" என்றார்.

"இப்ப நல்லாத்தான் வருது. நாளைக்கு நடுவுல ஆளுக இருப்பாங்கள்ல?"

"ஆளுக உட்கார்ந்துதான இருப்பாங்க. சுவரா அவங்க?"

கேபிளையும் கையோடு எடுத்துவைத்துக்கொள்ளலாம் என்றேன். வயர் இல்லாத மெஷினுக்கு வயரை எடுத்துக்கொண்டு போனால் மெஷினுக்கே அவமானம் என்கிற பாவனையில் பார்த்தார். கேபிள் ஸ்டுடியோவில் ஆணியிலேயே தொங்கியது.

மறுநாள் காலை அந்த அம்மா வந்து நான் காட்டிய நாற்காலியில் உட்கார்ந்தாள். புதுச் சேலை, மடிப்பு இன்னும் கலையவில்லை. கையை எங்கே வைப்பதென்று தெரியாமல் மடியில் வைத்திருந்தாள். அவள் பக்கத்தில் புரொஜெக்டர், அதற்குப் பக்கத்தில் நான். பந்திக் கூடத்திலிருந்து ரசத்தின் வாசனை. மகளுக்குக் கல்யாணம், தாய்க்கு ரசவாசனை, நல்ல பங்கீடு.

படம் அருமையாக வந்தது. அதை மறைப்பதற்கில்லை. பெண்ணை அழைத்து வந்தது, மாலை மாற்றியது எல்லாம் பளிச்சென்று. அந்த அம்மா திரையை விட்டுக் கண்ணை எடுக்கவில்லை. கொஞ்ச நேரம் கழித்து என் பக்கம் சாய்ந்து, "ஏனுங் கண்ணு, தவுல்காரரு கை மேல இருக்கையிலயே சத்தம் வருதுங்களே," என்றாள்.

"சத்தம் நேரா வருதுங்கம்மா. படம் பொட்டிக்குள்ள பூந்து வருது. அதான் கொஞ்சம் பின்னாடி வருது."

"அப்ப அங்க எல்லாம் முன்னமே நடந்துருதுங்களா?"

"ஒரு கண் சிமிட்டற நேரம்தானுங்க."

அவள் தலையை ஆட்டிக்கொண்டாள். "அதுக்கென்ன, பரவால்லீங்க," என்றாள். கொஞ்சம் பிந்தியாவது பார்க்கக் கிடைக்கிறதே என்ற நன்றி அவள் குரலில் இருந்தது. எனக்கு ரசச்சட்டியைத் தூக்கி யார்மேலாவது ஊற்றலாம் போலிருந்தது.

பிறகு தாலித் தட்டு சபைக்குள் வந்தது. எல்லோரும் தொட்டு வணங்கினார்கள். அட்சதை கொடுத்தார்கள். தட்டு எங்கள் நாற்காலி வரைக்கும் வரவில்லை, இரண்டு வரிசைக்கு முன்னாலேயே திரும்பிக்கொண்டது. மேடையில் தாலி எடுத்துக்கொடுக்கிற பெரியவர் மைக்கை வாயருகே பிடித்துக்கொண்டு, "கெட்டிமேளம்," என்றார்.

இந்தச் சொல்லுக்கு நம் ஊரில் என்ன நடக்கும் என்பது பிறந்த குழந்தைக்கும் தெரியும். மண்டபம் மொத்தமும் எழுந்து நின்றது. முன்வரிசை நின்றதால் இரண்டாம் வரிசை நின்றது, இரண்டாம் வரிசை நின்றதால் மூன்றாம் வரிசை. அட்சதை எட்ட வேண்டுமே என்று எல்லோரும் முன்னால் நகர்ந்து, மேடைக்கும் எங்களுக்கும் நடுவில் ஒரே முதுகு மயம். அதுவரை தலைகளுக்கு மேலாகச் சுலபமாக வந்துகொண்டிருந்த படம் இப்போது நூற்றுக்கணக்கான ஆட்களைத் துளைத்துக்கொண்டு வர வேண்டும். மனித உடம்பில் பாதிக்கு மேல் தண்ணீர், இந்தப் பெட்டியின் அலைக்குத் தண்ணீர் ஆகவே ஆகாது. இதை என் வீட்டுக்காரர் பிற்பாடு கண்டுபிடித்து, ஏதோ தான் எச்சரித்து நான் கேட்காத மாதிரி எனக்கே சொன்னார். போதாததற்கு அவரே மேடைக்கு நேர் கீழே, பெட்டியை வயிற்றோடு அணைத்துக்கொண்டு எங்களுக்கு முதுகைக் காட்டி நின்றிருந்தார். அவர் உடம்பைத் தாண்டி ஓர் அலை வெளியே வந்திருந்தால் அதற்குத்தான் மாலை போட வேண்டும்.

திரையில் முதலில் அந்தப் பெண்ணின் முகம் அப்படியே நின்றது. பாதி மூடிய கண்ணோடு. பிறகு முகம் கட்டம் கட்டமாக உடைந்தது. பிறகு திரை முழுக்க நீலம். நடுவில், இணைப்புக்காகக் காத்திருக்கிறேன் என்று இங்கிலீஷில் ஒரு வரி.

அந்த அம்மா என்னைப் பார்த்தாள். நான் பெட்டியைப் பிடுங்கிச் செருகினேன், சார்ஜரை மாற்றினேன், புரொஜெக்டரைத் திருப்பினேன். திரை நீலமாகவே காத்திருந்தது. கேபிள் ஆணியில் தொங்குவது என் கண்ணுக்குத் தெரிந்தது. மேளம் காதைப் பிளந்தது. இதற்குள் கட்டியிருப்பார்கள், எல்லாம் முடிந்துபோயிற்று என்றுதான் நினைத்தேன். கண்ணில் தண்ணீர் முட்டியது, கோபத்தில்.

அப்போது ஸ்பீக்கரில் ஒரு குரல் கேட்டது. பெரியவர் கையிலிருந்த மைக் பெண்ணின் முகத்துக்குப் பக்கத்தில் இருந்திருக்கிறது. திரை நீலமானதை அவள் மேடையிலிருந்து பார்த்துவிட்டாள். தாலிக்குக் குனிய வேண்டிய தலையை நிமிர்த்தி இத்தனை நேரமும் திரையைத்தான் பார்த்துக்கொண்டிருந்தாள் போலிருக்கிறது.

"கொஞ்சம் பொறுங்க. அங்க படம் தெரியலீங்க."

மேளம் தடுமாறி நின்றது. கெட்டிமேளம் பாதியில் நின்று நான் அதுவரை கேட்டதில்லை. பெரியம்மாவின் குரலும் மைக்கில் வந்தது. "நல்ல நேரம் போவுது சாமி. படம் அப்பறம் பார்த்துக்கலாம், கேசட்டுல போட்டுக் குடுப்பாங்க." கேசட் ஒழிந்து எத்தனை காலமாயிற்று என்று அவரிடம் யார் சொல்வது.

"உட்காருங்க, எல்லாரும் உட்காருங்க," என்று ஒரு பெரிய மனிதர் நின்றுகொண்டே கத்தினார். எல்லோரும் எல்லோரையும் உட்காரச் சொன்னார்கள். ஒருவரும் உட்காரவில்லை. உட்கார்ந்தால் மறைத்துவிடுமே. என் வீட்டுக்காரர் மேடையடியிலிருந்து என்னைப் பார்த்து, புரொஜெக்டரைத் தட்டு என்று சைகை காட்டினார். அவர் தொழில்நுட்பத்தின் உச்சம் அது.

"அம்மா பார்க்காம எனக்கு வேண்டாங்க," என்றது பெண்ணின் குரல். அழுகையில்லை. மரவள்ளி விலை சொல்கிற மாதிரி சொன்னாள்.

பிறகு மாப்பிள்ளை பேசினான். பெரியவர்கள் முன்னால் வாய் திறக்காத பையன் என்றேன் அல்லவா, மைக் இருப்பது தெரிந்திருந்தால் அப்போதும் திறந்திருக்க மாட்டான். "பொட்டி வேலை செய்யலீன்னா அத்தையவே வரச் சொல்லுங்க," என்றான்.

மண்டபம் மொத்தமும் அதைக் கேட்டது. நேராக, துளிகூடத் தாமதமில்லாமல்.

அந்த அம்மா நாற்காலியின் கையை இறுகப் பிடித்துக்கொண்டாள். "வேண்டாங் கண்ணு. நான் இங்கியே இருக்கறன். நீங்க படத்த வர வையுங்க."

"வராதுங்கம்மா," என்றேன். "இத்தன பேரு நடுவுல நின்னா இது செத்தாலும் வராது. எந்திரிங்க."

"ஏதாச்சும் சொல்லுவாங்க சாமி."

"சொல்லட்டுமுங்க. பொட்டி ரிப்பேருன்னு நான் சொல்லிக்கறன்."

கையைப் பிடித்து எழுப்பினேன். புரொஜெக்டரை அப்படியே போட்டுவிட்டு அவளைக் கூட்டிக்கொண்டு நடந்தேன். அடுத்த கல்யாணம் எந்த ஸ்டுடியோவுக்கு வேண்டுமானாலும் போகட்டும்.

கூட்டம் விலகியது. மரியாதையாக விலகினார்கள் என்று எழுத ஆசைதான். எழுத மாட்டேன். சிலர் மரியாதையாகத்தான் விலகினார்கள். ஒரு கிழவர் "போ கண்ணு, போ," என்றார். ஆனால் நல்ல நேரத்தில் அவள் சேலை தங்கள்மேல் படக்கூடாது என்று இழுத்துப் பிடித்துக்கொண்டு விலகியவர்களும் இருந்தார்கள், கீழூர்க்காரர்கள்தான் என்றில்லை. ஒருத்தி போகத் தேவையான வழியைப்போல மூன்று மடங்கு வழி கிடைத்தது. நாற்காலிகளைக்கூட இழுத்துக்கொண்டார்கள். பந்தி வாசலிலிருந்து மேடை வரைக்கும் நடு மண்டபம் தெரு மாதிரி திறந்தது.

மேடைப்படிக்கு அருகில் வந்தபோது என் வீட்டுக்காரர் எங்களுக்கு வழிவிட்டு ஓரமாக ஒதுங்கினார். ஒதுங்கியதில் பெட்டி அவர் வயிற்றிலிருந்து விடுபட்டது. பின்னால் யாரோ, "அட, படம் வந்துருச்சுங்க," என்றார்கள். திரும்பிப் பார்த்தேன். மண்டபத்தின் அந்தக் கோடியில் நீலம் போய், மேடை தெரிந்தது. அவளைத் தொடாமல் இருக்க ஊர் விட்ட இடைவெளி வழியாகத்தான் படம் போய்ச் சேர்ந்திருக்கிறது. பெட்டியின்மேல் போட்டிருந்தது பொய்யில்லை. நடுவில் ஆட்கள் இல்லாவிட்டால் போகும்.

இனி அவள் திரும்பி நாற்காலிக்கே போய்விடலாம், படம்தான் வருகிறதே என்று பெரியம்மா வாயைத் திறப்பதற்குள், நான் அவளைப் படியில் ஏற்றி, கூடவே ஏறி ஓரமாக நின்றுகொண்டேன். பெண் கையை நீட்டி அம்மாவின் சேலைத் தலைப்பைப் பிடித்துத் தன் பின்னால் இழுத்து நிறுத்திக்கொண்டாள். பெரியவர் ஒரு கணம் எல்லோர் முகத்தையும் பார்த்தார். பிறகு மேளக்காரரைப் பார்த்துத் தலையை ஆட்டினார்.

தாலி ஏறியது. அந்த அம்மா மகளின் கழுத்துக்குப் பின்னால் ஒரு கை தூரத்தில் நின்று அதைப் பார்த்தாள். மூன்றாவது முடிச்சில் மாப்பிள்ளையின் விரலில் மஞ்சள் ஒட்டியதைக்கூட அவள் பார்த்திருப்பாள், அதெல்லாம் எந்தத் திரையிலும் வராது. முன்னால் நின்றவர்கள் அட்சதை போட்டார்கள். பின்னால் நின்றவர்கள் திரையைப் பார்த்துக்கொண்டிருந்ததால், அங்கே முடிச்சு விழுந்த பிறகு போட்டார்கள். ஒரே கல்யாணத்துக்கு அட்சதை இரண்டு முறை விழுந்தது. மேடைத் தட்டிலிருந்து ஒரு பிடி அள்ளி அவள் கையில் கொட்டினேன். பெரியம்மா பார்த்துக்கொண்டுதான் இருந்தார். பார்க்கட்டும்.

அவள் கையைத் தூக்கி மகள் தலையிலும் மாப்பிள்ளை தலையிலும் போட்டாள். போட்ட கையை இறக்காமல் ஏதோ சொல்லிக்கொண்டே நிமிர்ந்தவள், மண்டபத்தின் கோடியில் இருந்த திரையைப் பார்த்துவிட்டாள். காலையிலிருந்து அதையே பார்த்த பழக்கம். அங்கே மாப்பிள்ளையும் பெண்ணும் உட்கார்ந்திருந்தார்கள், அவர்களுக்குப் பின்னால் புதுச் சேலையில் ஒருத்தி ஆசீர்வாதம் செய்துகொண்டு நின்றிருந்தாள்.

"அங்க நிக்கறது ஆருங் கண்ணு?" என்று என்னிடம் மெதுவாகக் கேட்டாள்.

"நீங்கதானுங்கம்மா."

அவள் நம்பவில்லை. சோதித்துப் பார்க்கிறவள்போலக் கையைக் கீழே இறக்கினாள். திரையில் அந்தக் கை இன்னும் ஒரு கண நேரம் மகள் தலைக்கு மேலேயே இருந்தது.